இறங்கினாரா, இறக்கினார்களா? கேள்வித்தாளிலேயே தோற்றுப்போகும் நம் ஆய்வுகள்

2021-இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் ஒரு பதில் சொன்னது. கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லையாம். அதே காலத்தில் அதே அமைச்சகம் கொடுத்த இன்னொரு கணக்கின்படி, சாக்கடைகளையும் செப்டிக் டேங்குகளையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? முடியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதற்கு ஒரு வரையறை, 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்' என்பதற்குத் தனியாக ஒரு வரையறை. முதல் வார்த்தையை வைத்துக் கேட்டால் விடை பூஜ்ஜியம். இரண்டாவதை வைத்துக் கேட்டால் 941 பிணம்.

அன்று நாம் எல்லோரும் கொதித்தோம். கொதித்தது சரிதான். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கான விடைதான் வரும் என்ற அந்த வித்தையை அரசு நன்றாகக் கற்று வைத்திருக்கிறது, நாம் கற்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சில தோழர்களுக்கு இது கசக்கும்.

தூய்மைப் பணியாளர்களைச் சந்தித்து ஆய்வு செய்யப்போவதாகச் சொல்லிக் கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கள் கேள்வித்தாளை எனக்கு அனுப்பியிருந்தார்கள். 42 கேள்விகள். எல்லாம் நல்ல மனசோடு எழுதியவை. அதில் மூன்றை மட்டும் பாருங்கள்.

'பாதுகாப்பு உபகரணங்கள்கூட தராமல் உங்களைக் கட்டாயப்படுத்திச் சாக்கடைக்குள் இறக்குகிறார்களா?'

'நீங்கள் இந்தச் சாதியில் பிறந்ததால்தானே இந்த வேலை உங்கள் தலையில் கட்டப்பட்டது?'

'இவ்வளவு கொடுமையிலும் ஏன் இந்த வேலையை விடவில்லை?'

முதல் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன: உபகரணம் தந்தார்களா, கட்டாயப்படுத்தினார்களா, உள்ளே போனது நடந்ததா. ஒருவர் 'ஆமா' என்றால் எதற்கு ஆமா? கிளவுஸ் தந்தார்கள், ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்றால் அவர் என்ன சொல்வார்? இரண்டாவது கேள்வி கேள்வியே அல்ல, மேடையில் பேசவேண்டிய வாக்கியத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறி. மூன்றாவது கேள்வி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறவரிடம் ஏட்டு கேட்கிற அதே கேள்வி: நீ ஏன் அப்பவே சொல்லலே?

இதை எழுதி அனுப்பியபோது அவர்களில் ஒருவரிடமிருந்து வந்த பதில் எனக்குப் பழக்கமான பதில். 'நடுநிலையாகக் கேட்கச் சொல்கிறீர்களா அண்ணா? நடுநிலை ஆதிக்க சாதியின் சொகுசு. நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறோம்.'

நான் நடுநிலையாக இருக்கச் சொல்லவில்லை. எதைப் பற்றி ஆய்வு செய்வது, யாரிடம் போய்க் கேட்பது, யாருடைய கூற்றை ஆதாரமாக வைப்பது, கிடைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, இதிலெல்லாம் பக்கம் சாராமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் கேள்வியின் வாக்கியத்தில் நம் பக்கத்தைத் திணித்தால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அவருடைய முப்பது வருட வேலையை நாம் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு 'சரியா?' என்று கேட்கிறோம். அவர் தலையாட்டுகிறார். சட்டை போட்டு, பேனா வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஆட்டுகிறார். வார்டு ஆபீஸில் சூப்பர்வைசர் 'எல்லாம் கரெக்டா குடுக்கிறோம்ல?' என்று கேட்கும்போதும் அவர் இதேபோலத்தான் தலையாட்டியிருப்பார். நமக்குக் கிடைத்த ஆமாவும் சூப்பர்வைசருக்குக் கிடைத்த ஆமாவும் ஒரே தராசில் ஒரே எடைதான். இது எனக்குப் பெரிய அவமானமாகப் படுகிறது.

பணம் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது. சாக்கடைக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் ஒவ்வொரு சாவிலும் ஒப்பந்தக்காரர் முதலில் சொல்வது என்ன? 'நாங்க சொல்லவே இல்ல, அவராத்தான் இறங்கினாரு.' இந்த ஒரு வாக்கியத்தை உடைப்பதற்கு, உயிரோடு இருக்கும் சக தொழிலாளர்கள் தங்கள் அன்றாட வேலை எப்படி நடக்கிறது என்று தங்கள் வார்த்தையில் சொன்ன பதிவுகள் வேண்டும். நீங்கள் 'கட்டாயப்படுத்தி இறக்குகிறார்களா' என்று கேட்டு வாங்கிய 'ஆமா'வை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைத் தன்னிலேயே காட்டிக்கொடுக்கும் கேள்விக்கு 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு இலக்கணமே எழுதி வைத்திருந்தது. நீதிமன்றத்தில் இன்றும் அதை லீடிங் கொஸ்டின் என்கிறார்கள். தன் சாட்சியைத் தானே முதலில் விசாரிக்கும்போது, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிபதியின் அனுமதி இல்லாமல் அப்படிக் கேட்கமுடியாது. நம் ஆய்வறிக்கை நீதிமன்றம் இல்லைதான். ஆனால் அதை எதிர்ப்பவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

சரி, எப்படி எழுதுவது?

ஆங்கிலப் புத்தகங்களில் சொல்லித்தரும் எச்சரிக்கைகள் ஆங்கில வாக்கியங்களுக்கானவை. நம் கேள்விகள் தமிழில் கேட்கப்படுகின்றன. தமிழில் ஊட்டிவிடும் வேலையை முழு வாக்கியம் செய்யவேண்டியதில்லை, ஒரு சின்ன ஒட்டு போதும். 'கிளவுஸ் தர்றாங்களா?' என்பது ஒரு கேள்வி. 'கிளவுஸாவது தர்றாங்களா?' என்று கேட்டால் மற்ற எதுவும் தரவில்லை என்று நாமே முடிவு செய்துவிட்டோம். 'கிளவுஸ்கூட தர்றதில்லையா?' என்றால் விடை உள்ளேயே இருக்கிறது. 'உங்களைத்தான் கூப்பிடுறாங்களா?' என்பதில் உள்ள அந்த 'தான்', மற்றவர்களைக் கூப்பிடுவதில்லை என்கிறது. 'தானே', 'இல்லையா', 'என்ன இருந்தாலும்' பற்றிச் சொல்லவே வேண்டாம். கேள்வித்தாளை எழுதி முடித்ததும் ஒரு சிவப்புப் பேனா எடுத்து ஆவது, கூட, தான், தானே, மட்டும் ஆகிய ஐந்தையும் தேடி வட்டம் போடுங்கள். 42 கேள்விகள் இருந்த அந்தத் தாளில் நான் போட்டுப் பார்த்தேன், பக்கம் சிவந்துவிட்டது.

இதைவிட ஆழமான இடம் வினைச்சொல். இறங்கு, இறக்கு. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். 'இறங்கினீங்களா' என்று கேட்டால் அவரே விரும்பி இறங்கியதாக ஆகிறது. ஒப்பந்தக்காரரின் வாக்குமூலத்தை நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. 'இறக்கினாங்களா' என்றால் இன்னொருவர் செய்ததாக ஆகிறது. அதை அவர் சொல்லவில்லை, நாம் சொன்னோம். 2013 சட்டத்தின் 7-ஆம் பிரிவு, எந்த நபரும் உள்ளாட்சி அமைப்பும் முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஒருவரைச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. அப்படியானால் வழக்கின் உயிர்நாடி 'யார் ஈடுபடுத்தியது' என்பது. அந்த விடை இந்த ஒரு மெய்யெழுத்தில் தங்கியிருக்கிறது. அதை நாம் முந்திக்கொண்டு சொல்லலாமா?

தமிழே இதற்கு வழியும் வைத்திருக்கிறது. செய்தவரைச் சொல்லாத வினையால் கேட்கலாம். 'கடைசியா அடைப்பு எடுக்கப் போன அன்னைக்கு, அந்த அடைப்பு எப்படிச் சரியாச்சு?' ஆச்சு, நடந்தது, வந்தது, முடிஞ்சது. இந்தச் சொற்களில் ஆள் இல்லை. ஆளை அவர் கொண்டுவருவார். 'மிஷின் வரல, நான்தான் இறங்கினேன்' என்பார். அல்லது 'மேஸ்திரி இறங்கச் சொன்னாரு' என்பார். அல்லது 'குச்சி விட்டுக் குத்தினோம், யாரும் உள்ள போகல' என்பார். மூன்றாவதும் தரவுதான். உங்கள் அறிக்கைக்கு அது பிடிக்காது என்பதால் அது பொய்யாகிவிடாது. அதைச் சொல்ல இடம் இல்லாத கேள்வித்தாளில் முதல் இரண்டு விடைகளுக்கும் மதிப்பில்லை.

இனி, வழிகாட்டியின் அமைப்பு. நாம் தயாரிப்பது சர்வே படிவம் அல்ல, அரைக்கட்டமைப்பு நேர்காணலுக்கான வழிகாட்டி. கேட்க வேண்டிய விஷயங்கள் எல்லோரிடமும் ஒன்றே. கேட்கும் வரிசையும், எங்கே தோண்டுவது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 6 அல்லது 7 முதன்மைக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம். 42 கேள்விகளோடு போனால் உங்கள் கண் தாளிலேயே இருக்கும், அவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார், நீங்கள் அடுத்த கேள்விக்கு ஓடுவீர்கள். ஒவ்வொரு முதன்மைக் கேள்விக்கும் கீழே மூன்று நான்கு கிளைக்கேள்விகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் தானாகச் சொல்லிவிட்டால் கிளைக்கேள்வியைக் கேட்கவேண்டாம், ஒரு டிக் போடுங்கள், போதும். அவர் சொன்னதையே மறுபடி கேட்டால், நாம் காதில் வாங்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சாக்கடை வேலை பற்றிய வழிகாட்டியை நான் எழுதினால் முதல் கேள்வி இப்படி இருக்கும்: 'நேத்து காலையில வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் என்னென்ன நடந்ததுன்னு சொல்லுங்க.' 'சாதாரணமாக உங்கள் வேலை என்ன' என்று கேட்காதீர்கள். சாதாரணமாக என்று கேட்டால் சாதாரணமாக எப்படி இருக்கவேண்டுமோ அதைச் சொல்வார்கள். நேற்று என்று கேட்டால் நேற்று நடந்தது வரும். நேற்று அவருக்கு லீவு என்றால் கடைசியாக வேலைக்குப் போன நாள். இதில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை, யாரும் சொல்லக்கூடிய விஷயம். அவர் பயன்படுத்தும் சொற்களை இந்தக் கேள்வியில்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் 'பாதாளச் சாக்கடை ஆழ்நுழைவுக்குழி' என்று எழுதி வைத்திருப்பீர்கள், அவர் 'மேன்ஹோல்' என்பார் அல்லது 'மூடி' என்பார் அல்லது 'டேங்க்' என்பார். அந்த நிமிடத்திலிருந்து நீங்களும் மூடி என்றே சொல்லுங்கள்.

'மலம்' என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். 'கையால் மலம் அள்ளுகிறீர்களா' என்று கேட்டால், அந்த வேலையைச் செய்கிறவரே பெரும்பாலும் இல்லை என்பார். சாக்கடை அடைப்பு எடுப்பதை அவர் அப்படி நினைத்ததே இல்லை என்பதால் இருக்கலாம். சொல்ல நாக்கு கூசுவதால் இருக்கலாம். அப்படி ஒரு வேலையே இங்கே இல்லை என்று மேலே எழுதிக்கொடுத்திருப்பதால் வேலை போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம். அந்த 'இல்லை'களைக் கூட்டித்தான் அரசு பூஜ்ஜியம் செய்கிறது.

இரண்டாவது கேள்வி, மேலே சொன்ன 'கடைசியா அடைப்பு எடுக்கப் போன நாள்'. இந்தக் கேள்விதான் முழு நேர்காணலின் முதுகெலும்பு. 'கடைசியா உள்ள இறங்கின நாள்' என்று எழுதாதீர்கள், இறங்கினார் என்பதே இன்னும் தெரியாது. இதற்குக் கீழே நான் எழுதும் கிளைக்கேள்விகள் இவை: வேலை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது? அங்க யார் யார் இருந்தீங்க? என்னென்ன கொண்டுபோனீங்க? மூடியைத் திறந்ததுக்கும் வேலையை ஆரம்பிச்சதுக்கும் நடுவுல என்ன நடந்தது? முடிஞ்சதுக்கு அப்புறம்?

நான்காவதைக் கவனியுங்கள். 'விஷவாயு இருக்கிறதா என்று சோதித்தார்களா' என்று கேட்டிருக்கலாம். கேட்டால், சோதிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், உடனே ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தையில் விடை வரும். 'நடுவுல என்ன நடந்தது' என்றால், 'ஒண்ணும் இல்ல, திறந்தோம், ஆரம்பிச்சோம்' என்று வரலாம். 'கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வெச்சோம்' என்று வரலாம். 'தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்த்தோம்' என்றும் வரலாம். இந்தக் கடைசி விடையை எந்த ஆமா-இல்லை கேள்வியும் கொண்டுவராது. தீக்குச்சி அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் தீக்குச்சி எரிந்துகொண்டே இருக்கும். வாயு அளக்கும் கருவி தரப்படாத இடத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எது?

உபகரணத்துக்கும் இதே கதை. 'பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டதா?' என்ற அதிகாரிகளின் கேள்விக்கு விடை எப்போதும் ஆமாம்தான். வழங்கப்பட்டிருக்கும், கையெழுத்து வாங்கியிருப்பார்கள், போட்டோவும் எடுத்திருப்பார்கள். அதன் பிறகு அது எங்கே போனது என்பதுதான் கதை. 'என்னென்ன கொண்டுபோனீங்க' என்ற கிளைக்கேள்விக்கு அவர் ஒரு பட்டியல் சொல்லுவார். கிளவுஸ் அதில் இருந்தால், 'அந்தக் கிளவுஸைப் பத்திச் சொல்லுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எப்போது தந்தது, கிழிந்ததா, ஈரத்தில் வழுக்குகிறதா, கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்யமுடிகிறதா, எல்லாம் வரும். பட்டியலில் இல்லாவிட்டால் 'வேற ஏதாவது?' என்று ஒருமுறை கேளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அவர் பட்டியலில் கிளவுஸ் இல்லை. அந்த இல்லாமை உங்கள் கண்டுபிடிப்பு. 'ஏன் கிளவுஸ் போடலை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

'ஏன்' என்ற சொல்லையே கிளைக்கேள்விகளிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் நம் மக்களிடம் 'ஏன்' என்று கேட்டவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். வாத்தியார், மேஸ்திரி, போலீஸ், கடன் கொடுத்தவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உடம்பு பதில் சொல்லத் தயாராகாது, தப்பிக்கத் தயாராகும். 'ஏன் முடியாதுன்னு சொல்லலை?' என்பதற்குப் பதில், 'முடியாதுன்னு சொன்னவங்க யாராவது இருக்காங்களா?' என்று கேட்கலாம். இருந்தால், 'அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?' இது கற்பனை இல்லை, நடந்த கதை. ஒருவருக்கு மூன்று நாள் வேலை தரவில்லை, ஒருவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள், ஒருவர் சத்தம் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. கட்டாயம் என்றால் அந்த ஊரில் என்ன என்பது இதில் தெரியும். அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருக்கவேண்டியதில்லை. 'மறைமுகமாகவோ' என்று சட்டம் சொல்வது இதைத்தான், அதை அவர் வாயால் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது சாதி. இங்கேதான் தோழர்களுக்கு என்மேல் கோபம் வரும். 'சாதியை நேரடியாகக் கேட்காதே என்கிறீர்களா? அதை மறைக்கத்தானே எல்லோரும் பாடுபடுகிறார்கள்?' நியாயமான கேள்வி. நான் சொல்வது, முதலில் அவர் சொல்ல வழிவிடுங்கள் என்று. 'இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க' என்பது ஒரு முதன்மைக் கேள்வி. அப்பா செத்த பிறகு, மாமனார் சேர்த்துவிட்டு, ரோடு பெருக்கத்தான் கூப்பிட்டார்கள் ஆனால் பிறகு இதற்கு அனுப்பினார்கள் என்று ஒரு குடும்ப வரலாறு வரும். அடுத்து, 'உங்ககூட இந்த வேலை பார்க்கிறவங்க எந்தெந்தத் தெருவுல இருந்து வர்றாங்க?' நம் ஊரில் தெருவைச் சொன்னால் போதும் அல்லவா? 'அந்த ஆபீஸ்ல வேற என்னென்ன வேலை இருக்கு, அதுல யார் யார் இருக்காங்க?' என்று இன்னொன்று. ரோடு பெருக்குபவர், வண்டி ஓட்டுபவர், வருகைப் பதிவேடு வைப்பவர், குழாய் திறந்துவிடுபவர். யார் எந்த வேலையில் என்று அவரே வரிசையாகச் சொல்லும்போது, சாதி எப்படி வேலையைப் பங்கு போட்டிருக்கிறது என்ற வரைபடம் உங்கள் கையில் இருக்கும். பலபேர் அந்த வரைபடத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே 'இதுல எங்க ஆளுங்கதான்' என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். அந்தத் 'தான்' அவர் வாயிலிருந்து வந்த 'தான்'. அதற்கு விலை உண்டு.

அப்படியும் வரவில்லை என்றால் கடைசிப் பகுதியில் கேளுங்கள், ஒளிக்கவேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் திறந்து வைத்துக் கேளுங்கள்: 'இந்த வேலைக்கு யார் வர்றாங்கங்கிறதுல சாதிக்குப் பங்கு இருக்குன்னு சிலபேர் சொல்றாங்க, அப்படியெல்லாம் இல்ல, யார் கிடைக்கிறாங்களோ அவங்கதான்னு சிலபேர் சொல்றாங்க. நீங்க பார்த்த வரைக்கும் எப்படி?' விடையை எழுதும்போது இது நாம் கேட்டு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தானாக வந்ததையும் கேட்டு வந்ததையும் ஒரே பட்டியலில் கலக்கவேண்டாம்.

பாபாசாகேப் 'வீசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் 1901-இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போன பயணத்தை எழுதியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் யார் நீங்கள் என்று கேட்டது, தாங்கள் மகர்கள் என்று சொன்னதும் அவர் பின்வாங்கியது, வண்டிக்காரர் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளையே ஓட்டச் சொல்லி நடந்தே வந்தது, வழியில் தண்ணீர் கிடைக்காதது. இவ்வளவும் சம்பவங்கள். அந்தச் சிறுவனிடம் நம் 42 கேள்வித் தாளை நீட்டி 'நீங்கள் தீண்டாமையை அனுபவித்தீர்களா?' என்று கேட்டிருந்தால் 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் கிடைத்திருக்கும். வண்டிக்காரர் நடந்து வந்தது கிடைத்திருக்காது.

பேச்சின் நடுவில் நாம் என்ன செய்வது என்பதையும் வழிகாட்டியின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் மறந்துவிடும். எழுதிப் பார்க்க ஒரு உதாரணம். அவர், 'அன்னைக்குக் கொஞ்சம் பிரச்சினை ஆயிடுச்சு' என்கிறார். நம் வாய் 'என்ன, மயங்கி விழுந்துட்டீங்களா?' என்று ஓடும். ஓடக்கூடாது. அவருடைய கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள்: 'பிரச்சினை ஆயிடுச்சு...' பிறகு நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும், அவருக்கு அது யோசிக்கும் நேரம். 'மூடி கால்ல விழுந்துடுச்சு' என்பார், அல்லது 'வீட்டுக்காரம்மா தண்ணி கேட்டதுக்குக் குடுக்கல' என்பார். நீங்கள் மயக்கம் என்று சொல்லியிருந்தால் மயக்கத்தைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். 'அய்யோ, எவ்வளவு கொடுமை' என்று உச்சுக்கொட்டுவதும் ஊட்டிவிடுவதுதான். எதைச் சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதையே இன்னும் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட 'ம்', 'சரிங்க', 'அப்புறம்?' போதும். கண் கலங்கினால் கேள்வியை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், ரெக்கார்டரை அணைக்கட்டுமா என்று கேளுங்கள். அது வேறு விஷயம், அது மரியாதை.

களத்துக்குப் போகும்முன் இரண்டு மூன்று பேரிடம் ஒத்திகை பாருங்கள். உங்கள் வகுப்புத் தோழரிடம் அல்ல, அந்த வேலை தெரிந்தவரிடம். பதிவை வார்த்தைக்கு வார்த்தை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அறிக்கையில் முக்கியமாக வரப்போகும் சொற்களை, அதாவது கட்டாயம், சாதி, பயம், அவமானம், விஷவாயு போன்றவற்றைத் தேடி, ஒவ்வொன்றும் முதல் தடவையாக யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். கேட்டவர் வாயிலிருந்து வந்திருந்தால், அந்தச் சொல்லை வைத்து அந்த நேர்காணலில் நீங்கள் எதையும் நிறுவ முடியாது. வழிகாட்டியில் அந்த இடத்துக்குப் போய்க் கேள்வியை மாற்றுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் உங்கள் பத்திகள் நீளமாகவும் அவர் பத்திகள் 'ஆமா சார்', 'அப்படித்தான் சார்' என்று குட்டையாகவும் இருந்தால், பேட்டி கொடுத்தது நீங்கள்.

கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உட்காரும் இடம் தவறாக இருந்தால் வீண். வார்டு ஆபீஸ் வாசலில், மேஸ்திரி பத்தடி தள்ளி பீடி பிடித்துக்கொண்டு நிற்கும்போது எடுத்த பேட்டியில், திறந்த கேள்விக்கும் மூடிய விடைதான் வரும். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். சங்கத் தலைவர் கூட உட்கார்ந்தாலும் இதே சிக்கல்தான், நம் ஆள் என்பதற்காக விலக்கு இல்லை. தொடங்கும்முன் சொல்லவேண்டியவை: நாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், பெயரை எழுதமாட்டோம், பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், இதனால் வேலை நிரந்தரம் ஆகும் என்றோ பணம் வரும் என்றோ நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், எந்த விடை சொன்னால் நிவாரணம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே அவர் பேசவேண்டியதாகிறது. சொல்லும்போது 'சாக்கடையில் இறக்கப்படும் கொடுமையை ஆராய்கிறோம்' என்று அறிமுகம் செய்துகொள்ளவேண்டாம், முதல் கேள்விக்கு முன்பே விடையை ஊட்டியதாகிவிடும். 'இந்த ஊரில் தூய்மைப் பணி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம்' போதும், அது பொய்யும் இல்லை.

வழிகாட்டியின் கடைசிக் கேள்வி: 'நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?' இதைக் கேட்டபிறகு ரெக்கார்டரை உடனே அணைத்துவிடாதீர்கள், நோட்டையும் மூடாதீர்கள். டீ வரும்வரை உட்கார்ந்திருங்கள். டீ குடிக்கும்போது அவர் சொல்வதை எழுதலாமா என்று கேட்டு, சரி என்றால் எழுதுங்கள். 42 கேள்வித் தாளை அனுப்பிய தம்பி தங்கைகளே, உங்கள் புது வரைவு வந்திருக்கிறது, பார்த்தேன். 7 கேள்விகள். மூன்றாவது கேள்வியில் இன்னும் ஒரு 'கூட' இருக்கிறது.